எல்லாத்துக்கும் "வேணாம்": இரண்டு வயதுக் குழந்தையிடம் "இதுவா, அதுவா" என்று கேட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதைக் கேட்டாலும் "வேணாம்"ங்கிறான். உயிரா விரும்புற வாழைப்பழத்தை நீட்டினாக்கூட வேணாம்தான். ஏன் இப்படி?

அந்த வாழைப்பழத்தை நீட்டும்போது வாயைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். வாய் "வேணாம்" என்று முடிப்பதற்குள் கை பழத்தைப் பிடித்திருக்கும். பழத்தின் மீது அவனுக்கு வெறுப்பில்லை. ஒரே ஒரு சொல்லால் பெரியவர்களை நிறுத்திவிட முடிகிறது என்பதை அவன் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறான், அவ்வளவுதான். "நானே உரிக்கிறேன்", "இப்ப இல்ல, விளையாடிட்டு", "நீ கேட்டது எனக்குப் புரியல" என்று சொல்ல அவனிடம் இன்னும் வார்த்தைகள் இல்லை. அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஒரு "வேணாம்"தான் வேலை செய்கிறது.

அதனால் ஒவ்வொரு "வேணாம்"க்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முகத்தைத் திருப்பி, உதட்டை இறுக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்தால் அது நிஜமான மறுப்பு. கண் பொருளிலேயே நிற்கிறது, உடம்பு முன்னால் வருகிறது என்றால் அது வாய்ப்பழக்கம். பொருளை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கெஞ்சவும் வேண்டாம், "இப்பதான் வேணாம்னு சொன்ன?" என்று மடக்கவும் வேண்டாம்.

ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்கும் வேணாம்தான் வருது.

பெரும்பாலும் கோளாறு கேள்வியின் வாலில் இருக்கிறது. "குளிக்கலாமா?", "சட்டை போட்டுக்கிறியா?", "பால் வேணுமா?" என்று மரியாதையாகக் கேட்டுப் பழகியிருக்கிறோம். பெரியவர்களுக்கு இது கனிவான கட்டளை. குழந்தைக்கோ இது உண்மையான கேள்வி. அதிலும் "வேணுமா" என்ற கேள்விக்குள்ளேயே "வேணாம்" என்ற பதில் பாதி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

"குளிக்கிறியா, இல்லையா?" என்பதும் இரண்டு வாய்ப்புதான். ஆனால் அதில் ஒன்று உங்களுக்கு ஒத்துவராதது. இரண்டில் எதை எடுத்தாலும் உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டுமே அது தேர்வு. எனவே நடந்தே ஆக வேண்டியதைக் கேள்வியாக்காமல் செய்தியாகச் சொல்லுங்கள்: "குளிக்கிற நேரம்." அதை எப்படிச் செய்வது என்பதை மட்டும் அவளிடம் விடுங்கள்: "சிவப்பு மக்கா, நீல மக்கா?"

தமிழில் இதற்கு வசதியான ஒரு வடிவம் இருக்கிறது. பொருளின் பெயரோடு "ஆ" சேர்த்தால் போதும்: கவுனா, சட்டையா? நடந்தா, தூக்கியா? இப்படிக் கேட்கும்போது "வேணாம்" தானாகப் பொருந்தி உட்கார இடமில்லை. வாக்கியத்தை நீட்டாதீர்கள். "இன்னிக்குப் பாட்டி வீட்டுக்குப் போறோம்ல, அதனால அந்தப் பூப்போட்ட கவுன் போட்டுக்கலாமா, இல்ல போன வாரம் வாங்கினோமே அந்தச் சட்டையா?" என்று கேட்டால், அவள் "பாட்டி வீடு" என்பதோடு நின்றுவிட்டிருப்பாள்.

எப்பவும் நான் கடைசியாச் சொன்னதையே சொல்றா. கொடுத்தா தூக்கி எறியறா.

அது தேர்வு இல்லை, எதிரொலி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் "இதுவா, அதுவா" என்று கேட்டபோது, வாயால் பதில் சொன்ன தடவைகளில் சுமார் 85 சதவீதம் இரண்டாவதாகச் சொன்னதையே சொன்னார்கள். படத்தைப் பார்த்துக் கையால் காட்டியபோது அந்தச் சாய்வு காணாமல் போனது. காதில் கடைசியாக விழுந்த சொல் நினைவில் நிற்கிறது, முதல் சொல் அதற்குள் நழுவிவிடுகிறது. சொல் நீளமாக இருந்தால் இன்னும் மோசம்.

சந்தேகமாக இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். "இட்லியா, தோசையா?" என்றதற்குத் "தோச" என்கிறாள். ஒரு நிமிடம் கழித்து "தோசையா, இட்லியா?" என்று திருப்பிக் கேளுங்கள். "இட்லி" என்றால், அவள் இரண்டையுமே தேர்ந்தெடுக்கவில்லை. இதைத் தெரியாமல் தோசையை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தால், அவள் எறிவதில் ஆச்சரியம் என்ன?

ஆகவே காதுக்குக் கேட்பதை விட்டுக் கண்ணுக்குக் காட்டுங்கள். குந்தி உட்கார்ந்து அவள் கண் மட்டத்துக்கு வாருங்கள். இரண்டு பொருளையும் ஒரு கைக்கு ஒன்றாக, ஒரு முழ இடைவெளி விட்டுப் பிடியுங்கள். இடது கையைச் சற்றுத் தூக்கி "கவுனா?", பிறகு வலது கையைத் தூக்கி "சட்டையா?" அதோடு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வருவதற்கு ஐந்தாறு நொடி ஆகலாம். நாம் மூன்றாவது நொடியிலேயே மறுபடி கேட்டுவிடுகிறோம், அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. கை நீட்டியதோ, தொட்டதோ, வெறித்துப் பார்த்ததோ, அதுவே பதில். "சொல்லு, வாயால சொல்லு" என்று வற்புறுத்தாதீர்கள். "கவுன் எடுத்துட்ட" என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தால் போதும்.

காலையில குளிக்க வைக்கிறதுதான் பெரிய பாடு. ஒரு தடவை முழுசா எப்படின்னு சொல்லுங்களேன்.

எட்டு மணிக்குக் குளியல், எட்டே முக்காலுக்கு வெளியே கிளம்ப வேண்டும், அவன் பிளாக் அடுக்கிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

கூப்பிடும் முன்பே தண்ணீர் விளாவி, துண்டு, மாற்றுத் துணி எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அவன் சம்மதித்த பிறகு நீங்கள் வாளி நிரப்பிக்கொண்டிருந்தால் அந்தச் சம்மதம் காலாவதியாகிவிடும். குளியலறை வாசலிலிருந்து குரல் கொடுப்பதிலும் பயனில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அரை நிமிடம் அவன் அடுக்குவதைப் பாருங்கள். பிறகு: "இன்னும் ரெண்டு பிளாக். அப்புறம் குளியல்." ஐந்து நிமிடம் என்றால் அவனுக்குத் தெரியாது, இரண்டு பிளாக் தெரியும். ஒன்றை அவன் வைக்கட்டும், இரண்டாவதையும் வைக்கட்டும்.

"குளிக்கிற நேரம்." இது செய்தி. குரல் உயரவும் வேண்டாம், இறுதியில் "சரியா?" என்று ஒட்டவும் வேண்டாம். அந்த ஒரு "சரியா" எல்லாவற்றையும் கெடுத்துவிடும், ஏனென்றால் அதற்குப் பதில் "சரியில்ல". உடனே கையில் இருக்கும் இரண்டையும் காட்டுங்கள்: "வாத்தா? கப்பலா?" தண்ணீருக்குள் எந்தப் பொம்மை வரும் என்பது மட்டும்தான் கேள்வி. அவன் கப்பலைப் பிடித்ததும் அடுத்தது: "நடந்தா, தூக்கியா?" தூக்கியா என்னும்போது இரண்டு கையையும் நீட்டிக் காட்டுங்கள்.

உள்ளே போன பிறகு ஒன்றே ஒன்று: "முதல்ல காலா, கையா?" தொட்டுக் காட்டிக் கேளுங்கள். தலைக்கு ஊற்றுவதுதான் அவனுக்குப் பயம் என்றால் அதைத் தேர்வாக்காதீர்கள். காலிலிருந்து மேலே வந்து, நெற்றியில் மடித்த துண்டை அவனையே பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கடைசியில் ஊற்றுங்கள்.

மூன்று கேள்விகள் போதும். சோப்பு, துண்டு, பவுடர் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கத் தொடங்கினால் நான்காவது கேள்வியில் அவன் சலித்துப்போய் எல்லாவற்றுக்கும் "வேணாம்" போட்டுவிடுவான். பிறகு முறை பலிக்கவில்லை என்று தோன்றும்.

ரெண்டையுமே தட்டிவிட்டா? இல்ல, நான் காட்டாத மூணாவது ஒண்ணைக் கேட்டா?

தட்டிவிட்டால், ஒரே ஒரு முறை அதே சொற்களில் திரும்பக் கேளுங்கள். அடுத்து: "நீ எடுக்கலைன்னா அம்மா எடுக்கிறேன்." மறுபடி பத்து எண்ணுங்கள். பிறகு நீங்களே ஒன்றை எடுத்து, பேச்சை நிறுத்திவிட்டுக் காரியத்தைத் தொடங்குங்கள். பெரும்பாலும் நீங்கள் எடுத்த கணத்தில் "அது இல்ல, இது!" என்று வருவான். அது தேர்வுதான், வாங்கிக்கொள்ளுங்கள். தொடங்கிய பிறகும் அழுகிறான் என்றால் அழட்டும், "நீயே எடுக்கணும்னு ஆசை, இல்ல?" என்று ஒரு வரி போதும். செய்வதாகச் சொன்னதைச் செய்யாமல் நாலாவது, ஐந்தாவது முறை கேட்டுக்கொண்டே இருப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. நாலு முறை மறுத்தால் ஐந்தாவது முறை கேள்வியே மாறும் என்பதை அவன் கற்றுக்கொள்கிறான்.

மூன்றாவது ஒன்றைக் கேட்டால் கோபப்பட வேண்டாம். சொந்தமாக யோசித்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். மஞ்சள் சட்டை கொடியில் காய்ந்து கிடக்கிறது, எடுக்க அரை நிமிடம்கூட ஆகாது என்றால் கொடுத்துவிடுங்கள். ஈரமாக இருந்தால் "மஞ்சள் ஈரம். தொட்டுப் பாரு" என்று தொடவைத்து, மறுபடி இரண்டையும் காட்டுங்கள்.

நீலத் தம்ளர்னு எடுத்தா, பாலை ஊத்தினதும் சிவப்புங்கிறா. மாத்தினா மறுபடி நீலம். பைத்தியம் பிடிக்குது.

ஒன்றை எடுத்தால் மற்றொன்று கிடைக்காது என்பது இந்த வயதில் அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. நீலத்தைக் கேட்டபோது சிவப்பை இழக்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை. மேசையில் சிவப்பு இன்னும் கண்ணுக்குத் தெரிவதால்தான் அது நினைவுக்கு வருகிறது. ஆகவே தேர்ந்ததும் மற்றதை அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். அவளையே வைக்கச் சொன்னால் இன்னும் நல்லது: "சிவப்புக்கு டாட்டா சொல்லு."

ஊற்றுவதற்கு முன் மாற்றினால் ஒரு முறை சரி. ஊற்றிய பிறகு இல்லை. "நீலத்துல ஊத்தியாச்சு. சிவப்பு ராத்திரிக்கு." ராத்திரி மறக்காமல் சிவப்பைக் கொடுங்கள். அவள் மறந்திருந்தாலும்.

மாலை ஆறு மணிக்கு மேல்தான் இந்த மாற்றல் அதிகம் என்றால், பிரச்சினை தம்ளரில் இல்லை, தூக்கத்தில். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் எந்தத் தேர்வும் கேட்காமல் வழக்கமான தம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிடுவதே இரக்கம்.

சாப்பாட்டுல எப்படி? கேட்டதைச் செஞ்சு கொடுத்தும் சாப்பிட மாட்டேங்கிறான்.

"என்ன சாப்பிடுற?" என்று கேட்காதீர்கள். அவன் பிஸ்கட் என்பான். என்ன சமையல், எப்போது, எங்கே உட்காருவது என்பவை உங்கள் முடிவு. தட்டில் இருப்பதில் எதை, எவ்வளவு என்பது அவன் முடிவு. இரண்டுக்கும் இடையில் சின்னச் சின்னத் தேர்வுகளுக்கு இடம் உண்டு: இட்லிக்கு நெய்யா, சட்னியா? பிட்டுத் தரவா, முழுசா? தரையிலா, நாற்காலியிலா?

தேர்ந்தெடுத்தான் என்பதற்காகச் சாப்பிட்டே தீர வேண்டும் என்று பிடித்துக்கொண்டால், தேர்வே ஒரு பொறி என்று ஆகிவிடும். "நீதானே சட்னி கேட்ட?" என்ற வசனத்தை விட்டுவிடுங்கள். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடலாம். ஒரு வாய் வாங்கினால் ஒரு வீடியோ என்ற பேரமும் வேண்டாம், நிலாவைக் காட்டிக்கொண்டு பின்னால் ஓடுவதும் வேண்டாம்.

ஒவ்வொரு வேளையும் மறுக்கிறான் என்றால் பாலைக் கணக்கெடுங்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் உள்ளே போனால் சோற்றுக்கு வயிற்றில் இடமிருக்காது. மணிக்கொரு தரம் முறுக்கும் பிஸ்கட்டும் போனாலும் அப்படித்தான். அந்த "வேணாம்" பிடிவாதம் இல்லை, பசியின்மை. எத்தனை வண்ணக் கிண்ணம் காட்டினாலும் மாறாது.

மருந்து, ஹெல்மெட், ரோடு இதுக்கெல்லாமும் சாய்ஸ் கொடுக்கணுமா?

செய்வதா வேண்டாமா என்பதில் கிடையாது. இந்தியாவில் இருசக்கர வண்டியில் போகும் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2022-இல் அறிவிக்கப்பட்ட இந்த விதி 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆகவே "ஹெல்மெட் போட்டுக்கிறியா?" என்ற கேள்வியே வரக் கூடாது. "ஹெல்மெட் போட்டாதான் வண்டி. நீ கிளிப் போடுறியா, அப்பா போடவா?" என்று கேட்கலாம்.

மருந்தில் அளவும் நேரமும் மருத்துவர் சொன்னது. அவனுக்கு மிச்சமிருப்பது: "மடியிலா, நாற்காலியிலா?" "ஸ்பூனா, சிரிஞ்சா?" ஊசியில்லாத சிரிஞ்ச் என்றால் நிமிர்ந்து உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் புரையேறும்.

பல் துலக்குவதற்கும் இதே கணக்குதான். பேஸ்ட் ஓர் அரிசி மணி அளவு, அதில் பேச்சில்லை. மேல் பல் முதலிலா, கீழ்ப் பல்லா என்பதை அவன் சொல்லட்டும். ரோட்டில்? "கையைப் பிடிக்கிறியா, தூக்கிக்கவா?" இரண்டும் இல்லை என்றால் கேட்காமல் தூக்கிவிடுங்கள்.

"சாப்பிடுறியா, இல்ல பூச்சாண்டியைக் கூப்பிடவா?" இதுவும் ரெண்டுல ஒண்ணுதானே?

இல்லை. அதில் ஒன்றுதான் இருக்கிறது, மற்றது மிரட்டல். "வர்றியா, விட்டுட்டுப் போகவா?" என்பதும் இந்த வகைதான். முதல் சில நாள் பலிக்கும். பிறகு இரண்டில் ஒன்று நடக்கும்: ராத்திரி பயந்து எழுவான், அல்லது பூச்சாண்டி வரவே மாட்டார் என்று கண்டுபிடித்துவிடுவான். அதற்குப் பிறகு நீங்கள் உண்மையிலேயே இரண்டு சட்டையைக் காட்டினாலும், இதில் எது பொறி என்றுதான் அவன் தேடுவான்.

தரையில விழுந்து புரண்டு அழும்போது ரெண்டைக் காட்டினா இன்னும் கத்துறா.

அப்போது காட்டவே கூடாது. அந்த அழுகையின் உச்சியில் தேர்ந்தெடுக்கும் வேலையைச் செய்ய அவளால் முடியாது, கேள்வி இன்னொரு சுமை. இடிக்கக்கூடியதை நகர்த்திவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். மூச்சு நீண்டு, தேம்பலாக இறங்கி, உங்களைத் திரும்பிப் பார்ப்பாள். அதுதான் அடையாளம். அப்போதும் முதல் கேள்வி காரியத்தைப் பற்றி இருக்கக் கூடாது: "தண்ணியா, மடியா?"

நான் ரெண்டு காட்டினா, பாட்டி வந்து மூணாவதைக் கையில கொடுத்துடுறாங்க.

பாட்டியோடு கொள்கை விவாதம் வைத்துக்கொள்வதைவிட, ஒரு வேளையை அவர்களிடமே ஒப்படைப்பது எளிது. "அத்தை, சாயங்காலம் ட்ரெஸ் மாத்துறது உங்க பொறுப்பு. ரெண்டு எடுத்துக் காட்டுங்க, அவளே எடுப்பா பாருங்க" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே விஷயத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கேட்காமல் இருந்தாலே பாதித் தகராறு குறையும். பாட்டியிடம் ஒரு மாதிரி, உங்களிடம் ஒரு மாதிரி என்பதைக் குழந்தைகள் சீக்கிரம் பிரித்துப் பார்த்துவிடுகிறார்கள்.

எத்தனை நாள்ல பலன் தெரியும்? எப்ப டாக்டர்கிட்ட காட்டணும்?

நாளைக்கு எல்லாவற்றிலும் தொடங்காதீர்கள். எங்கே தினமும் மல்லுக்கட்டு நடக்கிறதோ அந்த ஓரிடத்தில், குளியலோ துணி மாற்றுவதோ, இரண்டு வாரம் செய்து பாருங்கள். "வேணாம்" நின்றுவிடாது. சொல்லிவிட்டுக் கையை நீட்டுவான், அல்லது நீங்கள் கேட்கும் முன்பே "கப்பல்" என்பான். எண்ண வேண்டியது அந்தத் தடவைகளைத்தான்.

இரண்டு பொருளைக் கண்ணெதிரே காட்டியும் பார்ப்பதில்லை, தொடுவதில்லை, வேண்டியதைச் சுட்டுவிரலால் காட்டுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் அது மறுப்பு இல்லை. இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா", "பால் தா" போல இரண்டு சொல் சேரவில்லை என்றாலும், பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்தாலும் காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளோடு இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் வளர்ச்சிப் பரிசோதனை கட்டணமின்றிச் செய்கிறார்கள். போகும்போது, அவன் எதற்கெல்லாம் எப்படி "வேணாம்" சொல்கிறான் என்று மூன்று நாள் எழுதிய தாளையும், இரண்டு பொருளைக் காட்டும்போது எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். புது இடத்தில் அவன் மடியைவிட்டு இறங்கவே மாட்டான், மருத்துவருக்கு அந்த வீடியோதான் பேசும்.